அந்த ஜன்னலை மூடியது யார்? ஃப்ரேமைப் படிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனில் என்ன நடக்கிறது என்பது வசனத்திலேயே வந்துவிடுகிறது. அப்புறம் யார் எங்கே நிற்கிறார், பின்னால் என்ன இருக்கிறது என்றெல்லாம் ஏன் பார்க்க வேண்டும்?

வசனத்தில் வருவது, அந்தப் பாத்திரம் மற்றவர் காதில் விழ வேண்டும் என்று நினைப்பது மட்டும்தான். மனிதர்கள் பொய் சொல்வார்கள், பாதியை விழுங்குவார்கள், தங்களுக்கே தெரியாததை எப்படிச் சொல்வார்கள்? "நீ போவதில் எனக்கு ஒன்றும் இல்லை" என்று ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள், ஆனால் சொல்லும்போது வாசலுக்கும் மற்றவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டிருக்கிறார். இப்போது சீன் எதைச் சொல்கிறது, வாயையா காலையா? எழுதியவர் வசனத்தைத் தந்தார், இயக்குநர் அந்த ஆளை எங்கே நிறுத்துவது என்று முடிவு பண்ணினார். இந்த இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் சீனின் உண்மையான விஷயம் பெரும்பாலும் இருக்கும்.

இரண்டும் ஒத்துப்போகிற சீன்களும் ஏராளம், அவற்றில் தோண்ட ஒன்றுமில்லை, பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

ஒரே ஒரு சீனை வைத்துப் பழக வேண்டுமென்றால் எதைச் சொல்வீர்கள்?

ஆர்சன் வெல்ஸ் எடுத்து 1941-இல் வெளிவந்த 'சிட்டிசன் கேன்' படத்தில், சின்னப் பையன் சார்லஸை வீட்டைவிட்டு அனுப்ப முடிவாகும் சீன். எல்லா ஃபிலிம் வகுப்பிலும் காட்டித் தேய்த்த சீன்தான், தெரியும். ஆனால் பழகுவதற்கு இதைவிட வசதியான ஒன்று எனக்குத் தெரிந்து இல்லை, ஏனென்றால் முக்கியமான பகுதி முழுக்கக் கட் இல்லாமல் ஒரே ஷாட்டில் ஓடுகிறது, அதனால் ஆட்கள் இடம் மாறுவதை எடிட்டிங் மறைக்காது.

கதை இவ்வளவுதான். வருஷம் 1871, அமெரிக்காவில் கொலராடோ. அம்மா மேரி கேன் ஒரு சின்ன விடுதி நடத்துகிறாள். அவள் பெயருக்கு வந்த ஒரு சுரங்கத்தில் பெரும் செல்வம் இருப்பது தெரிகிறது. பையனையும் பணத்தையும் தாட்சர் என்ற வங்கிக்காரரின் பொறுப்பில் விடப் பத்திரம் தயார். அப்பாவுக்கு இதில் இஷ்டமில்லை, கத்துகிறார்.

ஷாட் வெளியே பனியில் விளையாடும் பையனிடம் ஆரம்பிக்கிறது. கேமரா பின்னால் வர வர, அது ஜன்னல் வழியாகத் தெரிந்த காட்சி என்று புரிகிறது. ஜன்னலில் அம்மா, குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள்ளச் சொல்லிப் பையனைக் கூப்பிடுகிறாள். அப்புறம் திரும்பி உள்ளே நடக்கிறாள், கேமரா அவளுக்கு முன்னால் பின்வாங்கிக்கொண்டே இன்னொரு அறை வரை வந்து ஒரு மேஜையில் நிற்கிறது. இப்போது ஃப்ரேமைப் பாருங்கள். வலது பக்கம், நமக்கு மிக அருகில், அம்மா உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் தாட்சர், அவர் முன்னால் பத்திரம். இடது பக்கம், கொஞ்சம் தள்ளி, அப்பா நின்றுகொண்டிருக்கிறார். இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில், எல்லோருக்கும் பின்னால், தூரத்து ஜன்னலின் சட்டத்துக்குள் விரல் அளவில் பையன் ஓடி விளையாடிக்கொண்டிருக்கிறான். அவன் கூச்சல் நமக்குக் கேட்கிறது. அவனைப் பற்றித்தான் பேச்சு, ஆனால் அறையில் இல்லாதவன் அவன் ஒருவன்தான்.

சத்தத்தை அணைத்துவிட்டு இந்த ஃப்ரேமை மட்டும் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். மேஜையில் இடம் இருப்பது இரண்டு பேருக்கு. மூன்றாவது ஆள் நிற்கிறார். வசனத்தில் அதிகம் சத்தம் போடுவது அப்பாதான், நான் அவனுக்குத் தகப்பன் இல்லையா என்ற அர்த்தத்தில் உரிமை பேசுகிறார், கோர்ட்டுக்குப் போவேன் என்கிறார். காதால் மட்டும் கேட்டால் அங்கே ஒரு விவாதம் நடக்கிற மாதிரி இருக்கும். கண்ணால் பார்த்தால் விவாதம் எப்போதோ முடிந்துவிட்டது, இப்போது நடப்பது கையெழுத்து மட்டும்.

அந்தச் சீனில் ஜன்னலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

ஜன்னலைத் தொடுவது யார், எப்போது தொடுகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.

பத்திரத்தைப் படிக்கும்போது, பெற்றோருக்கு ஆயுள் முழுக்க வருஷத்துக்கு 50,000 டாலர் கிடைக்கும் என்ற வரி வருகிறது. அதுவரை கத்திக்கொண்டிருந்த அப்பா, எல்லாம் நல்லதுக்குத்தான் என்று நம்புவோம் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு, பின்னால் நடந்துபோய் ஜன்னலை மூடுகிறார். பையனின் சத்தம் நின்றுபோகிறது. அவர் மகனை விற்றுவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை, ஒரு மனிதர் குளிருக்கு ஜன்னலை மூடுகிறார், அவ்வளவுதான் வெளியே தெரிவது. ஆனால் எந்த வரிக்குப் பிறகு மூடினார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இனி வசனமே தேவையில்லை.

கையெழுத்துப் போட்டு முடித்ததும் அம்மா எழுந்து அதே ஜன்னலுக்குப் போகிறாள், அதைத் திரும்பத் திறக்கிறாள், மகனைக் கூப்பிடுகிறாள். இங்கேதான் கட் ஆகி அவள் முகம் அருகில் வருகிறது. அவனுடைய பெட்டியை ஒரு வாரத்துக்கு முன்பே அடுக்கி வைத்துவிட்டேன் என்று அவள் சொல்வதும் இங்கேதான்.

மேஜையில் அவளைப் பார்க்கும்போது கல் மாதிரி இருந்தாள், பணத்துக்காகப் பிள்ளையைத் தள்ளிவிடும் தாய் என்று தோன்றியிருக்கும். அப்படியே படித்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் இடங்களைக் கணக்குப் பாருங்கள்: சீன் ஆரம்பிக்கும்போது திறந்த ஜன்னலில் நின்றவள் அவள், முடியும்போதும் அவள், நடுவில் மூடியவர் அவர். அப்புறம் எல்லோரும் வெளியே வந்த பிறகு, பையனை அணைத்துக்கொண்டு அப்பாவிடமிருந்து மறைத்து நிற்பதும் அவள்தான். இவனுக்கு நல்ல அடி வேண்டும் என்று அப்பா சொல்கிறார், அதற்குத்தான் உங்கள் கை எட்டாத இடத்தில் வளர்க்கப் போகிறேன் என்று அவள் பதில் சொல்கிறாள். அந்த ஒரு வசனம் வருவதற்கு வெகு முன்பே, அவள் உடம்பு போகும் திசை அதைச் சொல்லிவிட்டது. அவள் அன்பும் அவள் எடுத்த முடிவும் எதிரெதிராக இழுப்பதை, மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடுவே அவள் நடக்கிற அந்தப் பத்துப் பன்னிரண்டு அடியில் வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் உண்மையிலேயே யோசித்து வைத்ததா, இல்லை நீங்களாகக் கற்பனை பண்ணிக்கொள்கிறீர்களா?

நியாயமான சந்தேகம். இந்த ஷாட்டைப் பொறுத்தவரை பதில் சுலபம், ஏனென்றால் இது தற்செயலாக அமைய வழியே இல்லை. பனி உட்பட எல்லாம் ஸ்டூடியோவுக்குள் போட்ட செட். கேமரா ஜன்னலிலிருந்து மேஜையைத் தாண்டிப் பின்னால் வர வேண்டும், ஆனால் வழியில் மேஜை இருக்கிறது. அதனால் கேமரா கடந்து போகும்வரை மேஜையை விலக்கி வைத்திருந்து, கடந்ததும் சட்டென்று அதன் இடத்துக்குத் தள்ளினார்கள். மேஜைமேல் இருக்கும் தொப்பியைக் கவனித்தால், அந்தத் தள்ளலில் அது லேசாக ஆடுவது இன்றைக்கும் தெரியும். இத்தனை பாடுபட்டது எதற்காக? ஜன்னலையும் மேஜையையும் ஒரே ஷாட்டுக்குள் கொண்டுவருவதற்காக. வேண்டாமென்று நினைத்திருந்தால் ஒரு கட் போட்டு அரை மணி நேரத்தில் முடித்திருக்கலாம்.

பையனும் அம்மாவும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிவதும் இப்படித்தான். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் அகலக் கோண லென்ஸ் போட்டு, லென்ஸ் துவாரத்தை நன்றாகச் சுருக்கி, அதற்கு ஈடுகட்ட வெளிச்சத்தைக் கொட்டினார். அந்தக் காலத்துப் பழக்கப்படி எடுத்திருந்தால் முன்னால் இருப்பவர் மட்டும் தெளிவாக, பையன் மங்கலாகக் கரைந்திருப்பான். அப்போது 'அவனை மறந்துவிட்டார்கள்' என்று அர்த்தம் வந்திருக்கும். இப்போது வருவது அதைவிட மோசமான அர்த்தம்: அவன் கண்ணெதிரே இருக்கிறான், தெளிவாக இருக்கிறான், இருந்தும் கையெழுத்து நடக்கிறது.

எல்லாப் படத்திலும் இப்படி ஆதாரம் கிடைக்காது. அங்கே நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே: அந்த விஷயம் திரும்ப வருகிறதா, அல்லது சீனுக்குள்ளேயே மாறுகிறதா? ஒரு முறை மட்டும் வந்து, மாறாமல், யாரும் தொடாமல் இருக்கிற பொருளுக்கு அர்த்தம் சொல்லப் போனால் பெரும்பாலும் நம் கற்பனைதான்.

ஃப்ரேமில் பெரிதாகத் தெரிபவர்தான் அதிகாரம் உள்ளவர், சின்னதாகத் தெரிபவர் பலவீனமானவர். இது சரியா?

பாதி சரி. பாதி சரியான விதிதான் நம்மை அதிகம் ஏமாற்றும்.

அதே படத்தில் ஒரு சீன் இருக்கிறது. வருஷம் 1929, பொருளாதார வீழ்ச்சி. வளர்ந்து அறுபதைத் தாண்டிவிட்ட கேன் தன் பத்திரிகைகளின் கட்டுப்பாட்டை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். எதிரே கிழவராகிவிட்ட அதே தாட்சர். கேன் பேசிக்கொண்டே பின்னால் இருக்கும் ஜன்னல்களை நோக்கி நடக்கிறார். முன்னாலிருந்து பார்த்தபோது சாதாரண அளவு ஜன்னல்கள் என்றுதான் நினைத்தோம், ஏனென்றால் ஒப்பிட அங்கே ஆள் இல்லை. அவர் போகப் போக, ஜன்னலின் அடிவிளிம்பே அவர் தலைக்குமேல் இருக்கிறது என்று தெரிகிறது. ஆறடி மனிதர் சின்னப் பையன் மாதிரி ஆகிவிடுகிறார். அப்புறம் திரும்பி முன்னால் நடந்து வந்து தன் பழைய அளவுக்கு வருகிறார்.

இதில் 'சின்னது என்றால் பலவீனம்' என்ற விதி வேலை செய்கிறதுதான். ஆனால் இந்த சீனுக்கு உயிர் அந்த விதியில் இல்லை. மேஜையில் பத்திரம், பக்கத்தில் தாட்சர், பின்னால் ஜன்னல், ஜன்னலருகே சின்னதாக சார்லஸ். 1871-இல் பார்த்த அதே அமைப்பு திரும்ப வந்திருக்கிறது, ஒரே வித்தியாசம், இந்த முறை கையெழுத்துப் போட வேண்டியவர் அவரே.

விதி உடைகிற இடத்தைப் பார்க்க அந்த 1871 சீனுக்கே திரும்பப் போங்கள். விரல் அளவு தெரிகிற பையனைப் பலவீனன் என்று சொல்லிவிட்டால் போதுமா? அவன் ஃப்ரேமின் நடுவில் இருக்கிறான், கறுப்பும் சாம்பலுமான அறைக்குள் அந்த ஜன்னல் மட்டும் வெள்ளை, அவன் மட்டும் அசைந்துகொண்டே இருக்கிறான். கண் அவனிடம் போய்க்கொண்டே இருக்கிறது. அளவு, நடுவிலிருக்கிறாரா ஓரத்திலா, வெளிச்சம், அசைவு, யார் முகம் நமக்குத் தெரிகிறது, யார் முதுகு தெரிகிறது என்று எல்லாம் சேர்ந்துதான் எடை. ஒன்றைப் பிடித்துக்கொண்டு தீர்ப்பு எழுதக் கூடாது.

செட் என்றால் பின்னணிதானே? அதில் எதைத் தேடுவது?

செட்டில் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த இடத்தில் ஒருவர் எங்கே போக முடியும், எங்கே போக முடியாது, எங்கிருந்து எதைப் பார்க்க முடியும் என்று பாருங்கள்.

இதற்கு நான் கைகாட்டுவது சத்யஜித் ராயின் 'சாருலதா' (1964), அதன் ஆரம்பச் சில நிமிடங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி, கல்கத்தாவில் வசதியான வீடு. கணவர் பூபதி ஆங்கிலத்தில் அரசியல் பத்திரிகை நடத்துகிறார், அச்சகமும் வீட்டோடு இருக்கிறது. மனைவி சாருவுக்கு மதியம் முழுக்கச் செய்ய ஒன்றுமில்லை. ஏறக்குறைய வசனமே இல்லை. கைக்குட்டையில் கணவர் பெயரின் முதல் எழுத்தைப் பூவேலை செய்கிறாள், அலமாரியில் புத்தகம் எடுக்கிறாள், தெருவில் சத்தம் கேட்டதும் ஜன்னலுக்குப் போகிறாள்.

வெனிஷியன் ஜன்னல், சாய்ந்த மரப்பட்டைகள் போட்டது. அதைத் திறந்து எட்டிப் பார்ப்பதில்லை, பட்டைகளைக் கொஞ்சம் விலக்கி இடுக்கு வழியாகப் பார்க்கிறாள். அப்புறம் உள்ளே போய்க் கைப்பிடி வைத்த சின்ன தூரக்கண்ணாடி ஒன்றை எடுத்து வருகிறாள். தெருவில் குரங்காட்டி போகிறான், பல்லக்கு போகிறது, குடையோடு ஒரு பருத்த ஆசாமி போகிறார். அவர் ஒரு ஜன்னலைத் தாண்டினால் இவள் அடுத்த ஜன்னலுக்கு ஓடுகிறாள், அதையும் தாண்டினால் அதற்கடுத்தது. ஆர்ட் டைரக்டர் பன்சி சந்திரகுப்தாவின் செட் இந்த ஓட்டத்துக்கு இடம் தருகிறது: வரிசையாக ஜன்னல்கள், நடுநடுவே கனத்த சாமான்கள், எங்கும் வெளியே போகும் வாசல் கண்ணில் படுவதில்லை. வீடு பெரிது, ஆனால் அவளுக்குக் கிடைத்தது அதன் ஓரம் மட்டும்.

இப்போது பூபதி வருகிறார். உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்துக்கொண்டே, அவள் நிற்பதைக் கவனிக்காமல், கை நீட்டினால் தொடும் தூரத்தில் கடந்து போகிறார். அவள் என்ன செய்கிறாள்? அழவில்லை, கூப்பிடவில்லை. அதே தூரக்கண்ணாடியைத் தூக்கி, போய்க்கொண்டிருக்கும் கணவரின் முதுகைப் பார்க்கிறாள், தெருவில் போன ஆசாமியைப் பார்த்த அதே மாதிரி.

திரும்ப வருகிறதா, மாறுகிறதா என்று மேலே சொன்னேனே, அதை இங்கே போட்டுப் பாருங்கள். கண்ணாடி திரும்ப வருகிறது, அதன் இலக்கு மட்டும் மாறுகிறது. கணவரும் தெருவும் ஒரே வரிசைக்கு வந்துவிட்டார்கள். பின்னால் தோட்டத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்து அதே கண்ணாடியால் கணவரின் தம்பி முறையான அமலைப் பார்க்கும்போது, அவளுக்குள் என்ன நடக்கிறது என்பது அவளுக்குப் புரிவதற்கு முன்பே நமக்குப் புரிய ஆரம்பிக்கிறது. இத்தனைக்கும் அமல் எட்டின தூரத்தில் புல்லில் பாய் விரித்துப் படுத்திருக்கிறான், தூரக்கண்ணாடிக்குத் தேவையே இல்லை.

சிவப்பு உடை என்றால் கோபம், வெள்ளை என்றால் தூய்மை என்று ஒரு பட்டியல் சுற்றுகிறது. அதை வைத்துக் காஸ்ட்யூமைப் படிக்கலாமா?

வேண்டாம். நம் ஊரிலேயே வெள்ளை வேட்டி ஒரு அர்த்தம், வெள்ளைப் புடவை வேறு அர்த்தம். சிவப்பு கல்யாணத்துக்கும் உண்டு, ரத்தத்துக்கும் உண்டு. பட்டியல் எந்தப் படத்துக்கும் பொருந்தும், அதனாலேயே எந்தப் படத்தையும் விளக்காது.

அந்த உடை அந்த இடத்துக்கும் நேரத்துக்கும் பொருந்துகிறதா, எதிரில் இருப்பவரின் உடையோடு சேர்கிறதா விலகுகிறதா, முன்பு இருந்ததிலிருந்து மாறியிருக்கிறதா என்று பாருங்கள். திரும்ப 'சிட்டிசன் கேன்'தான் வருகிறது, மன்னிக்கவும். கேனும் முதல் மனைவி எமிலியும் காலை உணவு சாப்பிடும் காட்சிகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கோத்திருப்பார்கள், இரண்டு மூன்று நிமிடத்தில் அந்தக் கல்யாணத்தின் பல வருஷம் ஓடிவிடும். முதல் துண்டில் இருவரும் காலை உணவுக்கு முந்தைய இரவின் விருந்து உடையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், அவர் சூட்டில், அவள் தோள் தெரியும் கவுனில். பொருந்தாத நேரத்துக்குப் பொருந்தாத உடை, இரவை முடிக்க இருவருக்கும் மனமில்லை என்பது அதிலேயே இருக்கிறது. அடுத்தடுத்த துண்டுகளில் அவள் உடை மூடிக்கொண்டே போகிறது, காலைக்குரிய ஒழுங்கான உடையாகிறது. தவறாக ஒன்றுமில்லை, ஆனால் இனி எதிரில் இருப்பவருக்காக உடுத்தியது இல்லை.

அப்புறம் கையில் இருப்பதையும் உடையோடு சேர்த்துப் படியுங்கள். கடைசித் துண்டில் இருவரும் பேசுவதில்லை. அவர் தன்னுடைய 'இன்குவைரர்' பத்திரிகையைப் படிக்கிறார், அவள் போட்டிப் பத்திரிகையான 'கிரானிக்கிளை'ப் பிரித்து வைத்திருக்கிறாள். கேமரா பின்வாங்கும்போது அவர்களுக்கு நடுவில் நீளமான மேஜை.

சீரியல்களிலும் இப்போதைய பல படங்களிலும் முகம், முகம், முகம் என்று குளோசப்பாகவே போகிறதே. அங்கே எதைப் படிப்பது?

அந்தக் காலை உணவுக் காட்சியே உதவும். முதல் துண்டில் இருவரும் ஒரே ஃப்ரேமில் சேர்ந்து வருகிறார்கள். அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு ஷாட், தனித்தனி. கடைசியில்தான் திரும்ப ஒன்றாகத் தெரிகிறார்கள், அதுவும் தூரத்தைக் காட்டுவதற்காக. ஆக, குளோசப்பாக ஓடும் சீனில் கேட்க வேண்டியது, யாரோடு யார் ஃப்ரேமைப் பகிர்கிறார்கள், அது எப்போது நிற்கிறது என்பதுதான். ஒருவர் பேசும்போது எதிராளியின் தோள் ஓரமாகத் தெரிகிறதா, இல்லை சுத்தமாகத் தனியாக இருக்கிறாரா? சீன் நடுவில் அந்தத் தோள் காணாமல் போனால், எந்த வசனத்தில் போனது?

சீரியல் ஹால் வேறு கதை. மாமியார், மருமகள், நாத்தனார் என்று எட்டுப் பேர் கேமராவைப் பார்த்தபடி அரைவட்டமாக நிற்பார்கள். அது மனநிலையைச் சொல்ல வைத்த அமைப்பு இல்லை, ஒரு நாளில் முடிக்க வேண்டிய வேலை கழுத்தை நெரிப்பதால், ஒவ்வொரு முகத்துக்கும் சீக்கிரம் ஒரு ஷாட் எடுத்துக்கொள்ள வசதியாக நிற்க வைத்தது. அங்கே போய் ஆழம் தேடினால் இடுப்புதான் வலிக்கும். ஆனால் அங்கேயும் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் மாடிப்படியில் பாதி இறங்கி நிற்கிறார் என்பது மட்டும் பெரும்பாலும் வேண்டுமென்றே வைத்ததாக இருக்கும்.

ரொம்ப ஆழமாகப் படிக்கப் போய் இல்லாததைப் படித்துவிடுகிறேனோ என்று பயமாக இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் அர்த்தத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு அந்தப் பொருளையோ நிற்கும் இடத்தையோ மனதுக்குள் மாற்றிப் பாருங்கள். அப்பா ஜன்னலை மூடாமல் சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் சீன் மாறுமா? நிச்சயம் மாறும், அவர் பணத்துக்கு மசிந்தது தெரியாமலே போயிருக்கும். தாட்சரின் தொப்பி மேஜையின் இந்த மூலைக்குப் பதில் அந்த மூலையில் இருந்தால்? ஒன்றும் ஆகாது. ஆகவே தொப்பி இருக்கும் மூலைக்கு அர்த்தம் தேட வேண்டாம்.

அடிக்கடி பார்க்கும் இன்னொரு சறுக்கல், முகம் பார்க்கும் கண்ணாடி வந்தால் இரட்டை மனம், கம்பி வந்தால் சிறை என்று உடனே எழுதிவிடுவது. 'சாருலதா'வின் ஜன்னல் பட்டைகளைச் சிறைக்கம்பி என்று நிறைய எழுதியிருக்கிறார்கள். அது தப்பில்லை, ஆனால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அந்தப் பட்டைகளை அவளே விலக்குகிறாள், ஆர்வமாக விலக்குகிறாள், வெளியே பார்ப்பதில் அவளுக்கு விளையாட்டுச் சந்தோஷம் இருக்கிறது. அவளைக் கைதியாக மட்டும் படித்தால், அவள் கூர்மையான பார்வை உள்ளவள், பின்னால் எழுதப் போகிறவள் என்ற பாதி கை நழுவிவிடும். அர்த்தம் சொல்வதற்கு முன் அந்தப் பொருளைப் பாத்திரம் எப்படிக் கையாள்கிறது என்று பார்த்தால் இந்தச் சறுக்கல் குறையும்.

பழகுவதற்கு என்ன செய்யலாம்? மொபைலில் பார்த்தால் போதுமா?

ஒரு சீனை முதல் தடவை சாதாரணமாகப் பாருங்கள். இரண்டாவது தடவை சத்தத்தை அணைத்துவிட்டு, யாராவது இடம் மாறும்போதெல்லாம் நிறுத்தி, மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு சின்ன வரைபடம் போடுங்கள்: வாசல், ஜன்னல், மேஜை, ஆட்கள், அம்புக்குறி. அழகாக வரைய வேண்டாம். கேன் வீட்டு சீனுக்கு நாலைந்து படம் போதும். மூன்றாவது தடவை சத்தத்தோடு ஓட்டி, ஒவ்வொரு அம்புக்குறிக்குப் பக்கத்திலும் அப்போது கேட்ட வசனத்தை எழுதுங்கள். 50,000 டாலர் என்ற வரி ஜன்னலை நோக்கிப் போகும் அம்புக்குறிக்குப் பக்கத்தில் வந்து உட்காரும்.

மொபைல் பரவாயில்லை, ஆனால் ஃப்ரேம் முழுசாக இருக்க வேண்டும். நான் சொன்ன இரண்டு படங்களுமே கிட்டத்தட்டச் சதுரமான பழைய அளவில் எடுத்தவை, திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் முறை. திரை முழுக்க நிரம்பியிருந்தால் ஒன்று மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள், இல்லை பக்கவாட்டில் இழுத்திருக்கிறார்கள். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பதும் அதே வெட்டுதான். 1929 சீனில் மேல் பக்கம் வெட்டுப்பட்டால் ஜன்னலின் உயரமே போய்விடும், கேன் வெறுமனே கொஞ்சதூரம் நடந்துவிட்டுத் திரும்பி வருகிற மாதிரி ஆகிவிடும். யூடியூப் துண்டுகளில் இந்த வெட்டு சகஜம், அதனால் வரைபடம் போட உட்காரும் முன் ஓரங்களில் கறுப்புப் பட்டை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.